மைனஸ் பதினைந்தில் முளைத்த தூண்

கோயம்புத்தூரில் பனி பெய்யாது. மார்கழியில் விடிகாலை கொஞ்சம் சிலுசிலுக்கும், அவ்வளவுதான். அந்த ஊரில், ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில், ஓட்டு மேற்கூரை போட்ட ஓர் அறைக்குள் நானும் என் கணவரும் தொண்ணூறுகளில் பல வருஷம் பனி வளர்த்தோம். கேட்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "ரெண்டு பேருமே ஐஸ் கம்பெனிலதானுங்க இருக்கறாங்க" என்று சொல்லிவந்தார். நாங்களும் திருத்தவில்லை.

கணவர் அங்கே விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் பனித்துகள். நான் அதே துறையில் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியை ஓட்டுவதும் நுண்ணோக்கியில் பார்த்துப் படம் எடுப்பதும் என் வேலை. கணக்குப் போடுவதும் கட்டுரை எழுதுவதும் அவர் வேலை. யார் அப்படிப் பிரித்தது என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

கருவி என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இடுப்புயரத்துக்கு ஒரு பெட்டி, இரு பக்கம் கண்ணாடி. பீளமேட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் செய்து வாங்கியது. மேலே ஒரு செம்புத் தட்டு. அதன் அடிப்புறத்தில் தடித்த கம்பளித் துணியை நனைத்துப் பொருத்துவோம். அடியில் இன்னொரு செம்புத் தட்டு. அதற்குக் கீழே உலர்பனியை, அதாவது உறைந்த கரியமில வாயுவைக் கொட்டிக் கடுங்குளிராக்குவோம். மேலிருக்கும் துணியிலிருந்து ஈரம் ஆவியாகிக் கீழே இறங்கும். இறங்க இறங்கக் குளிர் கூடும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய நைலான் இழை தொங்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இழை நெடுகப் பனி பூக்க ஆரம்பிக்கும்.

முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். ஒரே இழை, ஒரே தண்ணீர், ஆனால் உயரத்துக்கு ஒரு வடிவம். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே மெல்லிய தகடுகள். மைனஸ் ஐந்தை ஒட்டி ஊசிகள். அதற்கும் கீழே உள்ளே பொந்துவிட்ட குட்டைத் தூண்கள். மைனஸ் பதினைந்து வந்ததும் நட்சத்திரம்: ஆறு கிளை, ஒவ்வொரு கிளையிலும் இரு பக்கமும் வேப்பிலைக் கொத்துப் போலச் சிறு கிளைகள். இன்னும் கீழே போனால் மறுபடி தடித்த தகடுகள், தூண்கள்.

ஏன் ஆறு என்றால், தண்ணீரின் மூலக்கூறுகள் பனியாகச் சேரும்போது ஆறு ஆறாக வளையம் கட்டித்தான் கைகோக்கும். அதனால் குழந்தைப் பனித்துகள் ஒரு சின்ன அறுகோணக் கட்டி. மேலும் கீழும் தட்டையாக இரண்டு முகம், சுற்றிலும் ஆறு பக்கம். மேல், கீழ் முகங்கள் வேகமாக வளர்ந்தால் அது உயர்ந்து தூணாகும். பக்கங்கள் வேகமாக வளர்ந்தால் பரந்து தகடாகும். எது முந்தும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. சில டிகிரிக்குள்ளேயே ஏன் இப்படி மாறி மாறி முந்துகிறது என்பதற்கு முழுப் பதில் அன்றைக்கு யாரிடமும் இல்லை. ஈரத்தின் வேலை வேறு. ஈரம் குறைவாக இருந்தால் தகடு, தகடாகவே நிதானமாக வளரும். ஈரம் கூடினால் அதன் ஆறு மூலைகளுக்கு யோகம். மூலைதானே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது? ஆவி முதலில் அதற்குத்தான் கிடைக்கும். கிடைக்கக் கிடைக்க இன்னும் நீளும், நீள நீள இன்னும் கிடைக்கும். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன் கதைதான். அப்படித்தான் தகடு நட்சத்திரமாகிறது.

அந்த அறைக்குள் என் கணவர் போட்ட சட்டங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கருவிக்குள் தண்ணீர் ஆவியைத் தவிர வேறு எந்த ஆவியும் போகக் கூடாது. அதனால் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த அன்று பெட்டியைத் திறக்கக் கூடாது. பவுடர் கூடாது. ஸ்பிரிட் போட்டு எதையும் துடைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆசையாக மல்லிகை வைத்துக்கொண்டு போவேன். வாசலிலேயே நின்று, "அம்மணி, பூ" என்பார். கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே போவேன். சாயங்காலம் வாடிப்போய்த் தொங்கும். எனக்கு எரிச்சல் வந்தாலும், ஆராய்ச்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பெருமையும் இருந்தது.

முதல் இரண்டு வருஷமும் உலகம் பார்த்ததையே நாங்களும் பார்த்தோம். மைனஸ் பதினைந்தில் நட்சத்திரம். இதில் புதிதாக எழுத ஒன்றுமில்லை என்று அவர் சோர்ந்துபோனார். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, பெட்டிக்குள் காற்று அசையாமல் இருக்கக் கண்ணாடியை இரட்டையாக்கினோம். அலமாரியில் இருந்த கம்பளித் துணிகளைப் பூச்சி அரித்துவிட்டதால் அவற்றையும் புதிதாக வாங்கி வைத்தோம். அதற்குப் பிறகு மைனஸ் பதினைந்தில் நட்சத்திரம் வரவில்லை. தூண் வந்தது. குட்டையான, கெட்டியான, அறுகோணத் தூண்.

நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாளும் தூண். அடுத்த வாரமும் தூண். ஈரத்தைக் கூட்டினால் பொந்துத் தூண். அந்த இடத்தில் தூண் வரும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அவர் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். காற்று துளியும் அசையாமல் ஆவி மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தால் பனியின் உண்மையான வடிவம் அங்கே தூண்தான். மற்றவர்கள் பார்த்த நட்சத்திரமெல்லாம் அவர்கள் பெட்டிக்குள் காற்று சுழன்றதால் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கண்ணாடி இரட்டை, அவர்களுடையது ஒற்றை. வேறு எதையும் மாற்றியதாக எங்களுக்கு நினைவே இல்லை.

அடுத்த இரண்டு வருஷம் அந்தத் தூணை வைத்தே ஓடியது. அவருடைய ஆய்வேட்டின் பின்பாதி முழுக்க அதுதான். வேறு பல்கலைக்கழகத்தில் இருந்த அவருடைய நெறியாளருக்குக் கட்டுரையின் படி போனது. அவர் படித்துவிட்டு, நேரில் வந்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் வெளிநாட்டு இதழுக்கே அனுப்பலாம், ஆய்வேட்டையும் கையோடு முடித்துவிடலாம் என்று எழுதினார். என் கணவர் அன்று வீட்டுக்கு வரும்போது அரைக் கிலோ மைசூர்பா வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தோம். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஐஸ் தூணா நின்னுபோச்சுங்க" என்றார். அவர் அப்படி விளையாட்டாகப் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

நெறியாளர் வரும் வாரத்தில் மேல்தட்டுத் துணி நடுவில் இற்றுப்போயிருந்ததைப் பார்த்தேன். மாற்றிப் போடும் மற்றத் துணிகளும் அதே கதிதான். விருந்தாளி வரும்போது கந்தலா என்று தோன்றியது. காந்திபுரத்தில் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், ஊட்டிக்குப் போகிறவர்களுக்குக் கம்பளி விற்கும் ஒரு கடை உண்டு. அங்கே போய் அதே மாதிரித் தடித்த துணி வாங்கினேன். கடைக்காரர், "ஊட்டிக்குங்களா?" என்றார். "அதவிடக் குளிரான எடத்துக்குங்க" என்றேன். வழக்கம்போலக் கொதிக்கவைத்து அலசி, வெயிலில் காயவைத்து, நேராகக் கொண்டுபோய்ப் பொருத்திக் கருவியை ஓட்டினேன்.

இழையில் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தகடு, ஊசி, பொந்துத் தூண். மைனஸ் பதினைந்துக்கு வந்தேன். நட்சத்திரம். ஆறு கிளை, கிளைக்குக் கிளை, கொள்ளை அழகாக. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வெப்பமானி தவறு என்று நினைத்தேன். சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி அதே இரட்டைக் கண்ணாடி. காற்றும் அசையவில்லை. புதியதை எடுத்துவிட்டு இற்றுப்போன பழைய துணியையே நனைத்துப் போட்டேன். தூண் வந்தது. ஆக, தூண் காற்றிலிருந்து வரவில்லை, கண்ணாடியிலிருந்து வரவில்லை, துணியிலிருந்து வருகிறது. ஒரே கம்பளி, ஒரே மாதிரி அலசினது. பழையது அலமாரிக்குள் இருந்தது, அது மட்டும்தான் வேறு.

அலமாரியைத் திறந்தேன். அவர் பொறுப்பில் இருந்த அலமாரி அது. ஓட்டி முடித்த துணி காய்ந்ததும் அங்கேதான் போகும், வேண்டுமென்றால் அவரே எடுத்துத் தருவார். திறந்ததும் கற்பூர வாசனை. அது எப்போதும் இருந்த வாசனைதான். பக்கத்துச் சுவரில் சாமி படம் இருந்ததால் அதிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். துணிகளைத் தூக்கினேன். கீழே விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில், காகிதத்தில் பொட்டலம் கட்டின கற்பூரம். பாதி கரைந்து காற்றோடு போயிருந்தது.

கற்பூரம் உருகாமலேயே ஆவியாகும். அந்த ஆவியைக் கம்பளி குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. துணியை நனைத்துப் போட்டதும் தண்ணீர் ஆவியோடு அதுவும் இறங்கி, வளர்கிற பனியின் முகத்தில் போய் ஒட்டியிருக்கிறது. பக்கங்கள் வளர முடியாமல் திணற, மேல், கீழ் முகங்கள் முந்திக்கொண்டன. அதுதான் எங்கள் தூண். முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதும் ஒரேயடியாக நம்பிவிடவில்லை. புதுத்துணியில் ஒரு துண்டு வெட்டி, என் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் துணியையும் ஒரு கற்பூரக் கட்டியையும் போட்டு மூடிவைத்தேன். மறுநாள் அந்தத் துண்டைப் பொருத்தினேன். நட்சத்திரம் தந்த அதே துணி இப்போது தூண் தந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? பெட்டியை வெந்நீரால் துடைத்துத் துடைத்துக் காயவைத்தேன். கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

அவர் வகுப்பு முடிந்து வந்தார். அடுத்த நாள் காலை ரயிலில் நெறியாளர் வருகிறார். நான் கற்பூரப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்திருந்தேன்.

"ஏனுங்க, இந்தச் சூடத்த அலமாரிக்குள்ள வெச்சது நீங்களா?"

"ஆமா. மழைக்குப் பூச்சி அரிச்சுப்போடுச்சில்ல, அதுக்குத்தான் வெச்சேன். ஏன்?"

"பூச்சிக்கு அந்துருண்டைதானுங்க எல்லாரும் வெப்பாங்க."

"அந்துருண்டையா? அது கெமிக்கல் அம்மணி. அத நான் இந்த ரூமுக்குள்ளயே உடமாட்டேன். சூடம்னா சுத்தம். எரிச்சா ஒரு துளி மிச்சம் இருக்காது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. என் மல்லிகையை ஜன்னல் கம்பியில் தொங்கவிடச் செய்த மனுஷன், தன் கையால் கற்பூரத்தைத் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். சாமிக்குக் காட்டுவது எப்படி அசுத்தமாகும்? அதை ஒரு வேதிப்பொருளாக அவர் நினைத்தே பார்க்கவில்லை. எங்கள் ஊரில் புது மோட்டாரானாலும் புதுத் தறியானாலும் சூடம் காட்டாமல் சுவிட்சைப் போடமாட்டார்கள். நானும் அந்த ஊர்தானே. இத்தனை வருஷம் அந்த வாசனையை மூக்கில் இழுத்துக்கொண்டே வேலை செய்தவள்தானே.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். புதுத்துணி, பழைய துணி, டிபன் டப்பா. எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். என்ன சொல்லித் தேற்றலாம் என்று மனதுக்குள் தேடினேன்.

"நாளைக்குப் பழைய துணியவே போட்டுக்கலாம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னங்க சொல்றீங்க?"

"அவரு பாக்க வாரது தூணு. தூணக் காட்டுவோம். மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"அது தூணு இல்லீங்க. சூடம்."

"தெரியுது அம்மணி. கண்ணு முன்னால தெரியறது அவருக்குத் தூணுதான. நாலு வருஷம். ஊட்டுல, காலேஜுல, எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டோம். இப்பப் போயி..." எழுந்து பொட்டலத்தை அலமாரிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் இறங்கும்போது கூப்பிட்டு வாங்குகிறவர். அந்த வாயிலிருந்து இது வந்தது. நட்சத்திரத்தைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரவு இருவரும் சாப்பிட்டோம், படுத்தோம்.

காலையில் அவர் நெறியாளரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார். கருவி நிலைப்பட நேரமாகும் என்பதால் நான் நேராகக் கல்லூரிக்குப் போனேன். மேஜைமேல் இரண்டு துணிகளும் இருந்தன. அவர் பிறகு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை என்று நினைத்திருப்பார். நான் எப்போது அவர் சொன்னதைத் தட்டியிருக்கிறேன்? பழையதைக் கையில் எடுத்தேன். அவர் பட்டம், அவர் பெயர், அவர் முகம் எல்லாம் அந்தக் கந்தலில் இருந்தது. கீழே வைத்தேன். புதியதை நனைத்துப் பொருத்தினேன். துணிச்சல் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் நெறியாளர் பார்க்கப் பார்க்க வெப்பநிலையை வாசிக்கப்போவது நான். ஒரு பொய்க்கு எண் வாசித்துச் சொல்ல என்னால் முடியாது என்று தெரிந்தது.

வந்தார்கள். நெறியாளர் மெலிந்த மனிதர், மதராஸ் பக்கத்துப் பேச்சு. காபி குடித்துவிட்டு உற்சாகமாக நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் இழையின் மேலிருந்து ஒவ்வொரு வெப்பநிலையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. மைனஸ் பதினைந்து என்றேன்.

அவர் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார்.

"இது நட்சத்திரமாச்சே. நீங்க எழுதினது தூண் இல்லையா?"

என் கணவர் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கோபம் இல்லை. கூட்டத்தில் கையைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டாள் என்பது போல ஒரு பார்வை. அவர் அலமாரிக்குப் போனார், பொட்டலத்தை எடுத்துவந்து நெறியாளருக்கு முன்னால் பிரித்து வைத்தார்.

"இதுதானுங்க சார் அந்தத் தூணு. துணிக்குப் பூச்சி வரக்கூடாதுன்னு நான்தான் வெச்சேன்."

நெறியாளர் கற்பூரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் இருவரையும் ஒரே அடியாக அடித்தது.

"கற்பூர ஆவி பட்டா பனியோட வடிவம் மாறும்னு நாங்க படிக்கிற காலத்துலயே தெரியும். பார்த்து எழுதிவெச்சு எத்தனையோ வருஷமாச்சு. நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஆக, தூணும் புதிதில்லை, அதன் காரணமும் புதிதில்லை. பையிலிருந்து கட்டுரைப் படியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆய்வேட்டின் பின்பாதியை எடுத்துவிட வேண்டும், இரண்டு வருஷ வேலையைச் சுத்தமான துணியில் மறுபடி செய்ய வேண்டும், அதிலும் புதிதாக ஏதாவது கிடைத்தால்தான் பட்டம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது என் கணவரின் தோளைத் தட்டி, "ஒளிக்காம எடுத்து வெச்சீங்க பாருங்க, அது எல்லாராலயும் முடியாது" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் அவரை ரயிலேற்றிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பினோம். அவினாசி ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றோம். சுற்றிலும் டவுன் பஸ்களின் இரைச்சல். என் கணவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"நீ பழைய துணியப் போட்டிருந்தீன்னா, நான் அவருகிட்டச் சொல்லியிருக்க மாட்டேன் கண்ணு."

இல்லை, நீங்கள் எப்படியும் சொல்லியிருப்பீர்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கும் அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியுமுங்க" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார்.